பெண் பதிவு இலவசம்: கல்யாணச் சந்தையில் பெண் குறைந்தால் யாருக்கு லாபம்

போன தை மாசம் பெரியம்மாவோடு சங்ககிரி பக்கத்தில் ஒரு திருமண தகவல் மையத்துக்குப் போயிருந்தேன். பெரியம்மா மகனுக்கு 34 முடிந்துவிட்டது. சொந்தமாக ஒரு லாரி ஓடுகிறது, ஆறு ஏக்கர் தோட்டம், கிணற்றில் தண்ணீர் உண்டு, குடி கிடையாது. அப்பா காலத்தில் இப்படி ஒரு மாப்பிள்ளை இருந்தால் பெண்ணைப் பெற்றவர்கள் வாசலில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். இப்போது நாங்கள் போய் உட்கார்ந்திருக்கிறோம், கையில் ஜாதக ஜெராக்ஸ் பத்து செட்டோடு.

மேஜைக்குப் பின்னால் சுவரில் ஓர் அட்டை தொங்கியது. ஆண் பதிவு ஒரு வருடத்துக்கு 2,000 ரூபாய், பெண் பதிவு இலவசம். அலமாரியில் நட்சத்திர வாரியாகக் கட்டிவைத்த ஆண் ஜாதகக் கட்டுகள் மேல் தட்டு முழுக்க அடைத்திருந்தன. பெண் ஜாதகத்துக்கு ஒரே ஒரு ஃபைல், அதுவும் ஒல்லியாக. பெரியம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டு மையத்துக்காரர் சொன்னார்: "பொண்ணு ஜாதகம் வந்தா அன்னிக்குச் சாயங்காலமே நாலு பேரு போன் பண்ணிருவாங்கம்மா, ஃபைல்ல போட்டு வைக்கறதுக்கே நேரம் இருக்கறதில்லைங்க."

அந்த அட்டை எனக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் ஊரில் எல்லாரும் சுற்றி வளைத்துப் பேசுவதை அது நேராகச் சொல்லிவிடுகிறது. எந்தப் பக்கம் ஆள் குறைவோ அந்தப் பக்கத்திடம் காசு கேட்க முடியாது. ஆனால் இலவசம் என்பது அந்தப் பெண்ணுக்கு லாபமா, அவள் அப்பாவுக்கு லாபமா, தரகருக்கு லாபமா என்பது வேறு கேள்வி. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

முதலில் குறைச்சல் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். டீக்கடையில் கேட்டால் மூன்று பதில் வரும்: பொண்ணுங்க படிச்சுட்டாங்க, எதிர்பார்ப்பு கூடிப்போச்சு, அந்தக் காலத்துல கள்ளிப்பால் ஊத்துன பாவம். 90ஸ் கிட்ஸுக்குக் கல்யாணம் ஆகாத மீம்கள் எல்லாம் முதல் இரண்டு பதிலைச் சுற்றித்தான் ஓடுகின்றன. மூன்றாவது பதிலில் உண்மை நிறைய இருக்கிறது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான குழந்தைகளில் 1,000 ஆணுக்கு 851 பெண்தான். இயல்பாக விட்டிருந்தால் 950-ஐ ஒட்டி இருந்திருக்க வேண்டும். 1992-லேயே தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் ஆரம்பித்தது பெண் சிசுக் கொலையைத் தடுக்கத்தான். அதற்குள் ஸ்கேன் மையங்கள் வந்துவிட, கள்ளிப்பாலுக்கும் நெல்மணிக்கும் அவசியமில்லாமல் காரியம் வயிற்றிலேயே முடிந்தது. கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1994-ல் வந்தது, ஆனாலும் 2001 எண்ணிக்கை மேலே சொன்னதுதான்.

இந்த மூன்று பதிலிலும் சேராத நான்காவது காரணம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும்.

ஒரு வட்டாரத்தில் 1990-ல் 1,000 ஆண் குழந்தைகள் பிறந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெண் குழந்தையை யாரும் எதுவும் செய்யாவிட்டால் அதே வருஷம் சுமார் 950 பெண் குழந்தைகள் இருப்பார்கள், இயற்கையிலேயே ஆண் கொஞ்சம் கூடுதலாகத்தான் பிறக்கும். ஆனால் நம் ஊரில் 1990-ல் பிறந்தவன் 1990-ல் பிறந்தவளையா கட்டுகிறான்? நாலைந்து வயசு இளையவளாகத் தேடுகிறான், அதாவது 1995-ல் பிறந்தவளை. அந்த ஐந்து வருஷத்தில் குடும்பக் கட்டுப்பாடு இறுகி ஒவ்வொரு வருஷமும் பிறப்பு இரண்டு சதவீதம் குறைந்துகொண்டே வந்தது என்றால், ஐந்து வருஷத்தில் ஏறக்குறைய பத்து சதவீதம் போய்விடும். 950 இருக்க வேண்டிய இடத்தில் 855. ஒரு கருவைக்கூட யாரும் கலைக்கவில்லை, ஒரு குழந்தைக்கும் பால் ஊற்றவில்லை, அப்படியும் 145 பேருக்குப் பெண் இல்லை. இதற்கு மேல் சேலத்துக் கணக்கைப் போட்டு 950-ஐ 850 ஆக்கினால் 1995-ல் 765 பெண்கள்தான் மிஞ்சுவார்கள். மொத்தப் பற்றாக்குறை 235. அதில் பெண் குழந்தையை ஒழித்ததால் வந்தது சுமார் 90, இயற்கை வித்தியாசம் 50, பாக்கி 95 வெறும் வயசு வித்தியாசமும் பிறப்புக் குறைவும் சேர்ந்து செய்த வேலை.

இது நான் எளிமைக்காகப் போட்ட எண், நிஜத்தில் ஒவ்வொரு தாலுகாவுக்கும் மாறும். ஆனால் கோயம்புத்தூர் மாவட்டத்தில் 2001-ல் குழந்தைப் பாலின விகிதம் 960-ஐ ஒட்டி நன்றாகவே இருந்தும் அங்கேயும் ஏன் இதே புலம்பல் கேட்கிறது என்பதற்கு இந்தக் கணக்கு பாதி பதில் சொல்லிவிடுகிறது. கல்யாண வயசு இடைவெளியை ஐந்திலிருந்து ஒன்றாகக் குறைத்தால் சேலத்துக் கணக்கிலும் பற்றாக்குறை 235-லிருந்து 170-க்கு அருகில் இறங்கும். செலவே இல்லாத வைத்தியம். பெரியம்மாவிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன், "அவனுக்கு மூத்தவளையா?" என்று கேட்டார், ஒரே வயசு என்றுதான் நான் சொல்லியிருந்தேன்.

இன்னொரு விஷயம், ஒரு வருஷம் பெண் கிடைக்காதவன் காணாமல் போய்விடுவதில்லை. அடுத்த வருஷ வரிசையில் போய் நிற்கிறான், அங்கே புதிதாக வந்தவர்களுக்கும் ஏற்கெனவே குறைச்சல். வருஷத்துக்குப் பத்துப் பையன் பிறக்கும் சின்ன ஊரில் வருஷத்துக்கு இரண்டு பேர் மிச்சமானால் பத்து வருஷத்தில் இருபது பேர். இருபது பேரையும் ஊரில் எல்லாருக்கும் பெயர் சொல்லித் தெரியும். "பொண்ணே இல்லை" என்று ஊரே சொல்வது இந்த இருபது பேரைப் பார்த்துத்தான், கல்யாணமாகிப் போன எண்பது பேர் கண்ணில் படுவதில்லை.

பத்திரிகைகளில் மொத்தப் பாலின விகிதத்தைப் போட்டுத் தமிழ்நாட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதுவார்கள். 2011-ல் தமிழ்நாட்டுக்கு 1,000 ஆணுக்கு 996 பெண். கேட்க நன்றாக இருக்கும். அந்த 996-க்குள் எழுபது எண்பது வயசுப் பாட்டிகளும் இருக்கிறார்கள், அவர்கள் தாத்தாக்களைவிட அதிக நாள் வாழ்கிறார்கள். கல்யாணச் சந்தையை அறிய வேண்டுமானால் பார்க்க வேண்டிய எண் வேறு: 30-லிருந்து 39 வயசுக்குள் கல்யாணமே ஆகாத ஆண்கள் எத்தனை சதவீதம், அதே வயசுப் பெண்கள் எத்தனை சதவீதம். இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருந்தால் அங்கே குறைச்சல் நிஜம். இரண்டும் சேர்ந்து ஏறியிருந்தால் அது குறைச்சல் இல்லை, எல்லாருமே தள்ளிப் போடுகிறார்கள், அவ்வளவுதான்.

சரி, குறைச்சல் இருக்கிறது. அது யார் தலையில் விழுகிறது? சமமாக விழுந்தால் நூறு பேரில் இருபத்துமூன்று பேர், டாக்டரோ விவசாயியோ, பெண் இல்லாமல் நிற்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் தங்களைவிட ஒரு படி மேலேதான் கொடுப்பார்கள், அதனால் மேல் தட்டில் இருக்கும் மாப்பிள்ளைக்குப் பெண் பற்றாக்குறை என்பதே தெரியாது. ஐடியில் பெங்களூரில் இருப்பவனுக்கும் டாக்டருக்கும் இன்றைக்கும் நகை, கார் என்று பேச்சு நடக்கிறது. பற்றாக்குறை ஒவ்வொரு படியாகக் கீழே தள்ளப்பட்டு, கடைசியில் தோட்டத்தில் இருப்பவன், பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுபவன், ரிக் வண்டியில் வருஷத்தில் பத்து மாசம் வெளி மாநிலத்தில் போர்வெல் போடுபவன் ஆகியோர் தலையில் மொத்தமாக விழுகிறது. சொத்து இருக்கிறதா என்பது இங்கே கேள்வியில்லை. ஆறு ஏக்கர் வைத்திருக்கிற எங்கள் அண்ணனைவிட, ஏக்கரே இல்லாத, மாசம் 40,000 சம்பளத்தில் கோயம்புத்தூரில் வாடகை வீட்டில் இருப்பவன் ஒரு படி மேல். ஏனென்றால் பெண் பார்ப்பது நிலத்தை மட்டும் இல்லை, அந்த நிலத்தில் விடிகாலை நாலரைக்கு யார் பால் கறப்பது என்பதையும் சேர்த்து.

அதற்கு மேல் நம் சல்லடைகள். எங்கள் பக்கம் ஒரே கூட்டத்துக்குள், அதாவது ஒரே குலத்துக்குள் கட்ட மாட்டார்கள், பங்காளி முறை ஆகிவிடும். சாதிக்குள்ளேயே தேட வேண்டும், அதற்குள் கூட்டத்தைக் கழிக்க வேண்டும், அப்புறம் நட்சத்திரப் பொருத்தம், ரஜ்ஜு, செவ்வாய், ராகு கேது. நூறு பெண் ஜாதகம் கிடைத்தாலும் கடைசியில் பார்க்கப் போகத் தகுந்ததாக ஏழெட்டுதான் நிற்கும். முன்பெல்லாம் இந்தச் சல்லடைக்கு ஒரு மாற்று வழி இருந்தது: மாமன் மகள், அத்தை மகள். வெளியே கிடைக்காவிட்டால் முறைப்பெண் உண்டு. அதற்கு அம்மாவுக்குச் சகோதரன் இருக்க வேண்டும், அவருக்கு மகள் இருக்க வேண்டும். ஒரே பையனோடு நிறுத்திக்கொண்ட இரண்டு தலைமுறைக்குப் பிறகு மாமனும் இல்லை, மாமன் மகளும் இல்லை. ஒற்றைப் பையன் போதும், நிலம் பிரியாது என்று கணக்குப் போட்டவர்கள் இதையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொண்டார்கள்.

அந்தக் கணக்கைப் போட்டபோது அவர்கள் முட்டாள்களாக இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் பக்கத்துப் பல சாதிகளில் தாத்தா பாட்டி காலம் வரை மாப்பிள்ளை வீட்டார்தான் பரிசம் போட்டார்கள், பெண் வீட்டார் வாங்கினார்கள். அப்புறம் அது தலைகீழாகி வரதட்சணை ஆனது. ஏன் என்பதற்குப் பல விளக்கம் உண்டு, அதில் ஒன்று மேலே போட்ட அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் கிடைப்பது. குழந்தை இறப்பு குறைந்து மக்கள்தொகை வேகமாக வளர்ந்த காலத்தில் ஒவ்வொரு வருஷமும் போன வருஷத்தைவிட அதிகக் குழந்தைகள். அப்போது ஐந்து வயசு இளைய பெண்ணைத் தேடுகிறவனுக்கு முன்னால் தன் வயசு ஆண்களைவிட அதிகமான பெண்கள் நிற்பார்கள். மாப்பிள்ளைக்குக் கிராக்கி, வரதட்சணை ஏறுகிறது. இதுதான் முக்கியக் காரணம் என்று சொன்ன பொருளாதார ஆய்வாளர்களும் உண்டு, படித்த மாப்பிள்ளை குறைவாக இருந்ததுதான் காரணம் என்று அதை மறுத்தவர்களும் உண்டு. இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஆக 1980-களில் மூன்று பெண்ணைக் கட்டிக்கொடுத்து ஒடிந்துபோன குடும்பத்தைப் பார்த்த ஒருவன், தனக்கு இரண்டாவதும் பெண் என்று தெரிந்ததும் என்ன நினைத்திருப்பான்? கண்ணுக்கு முன்னால் இருந்த விலையைப் பார்த்தான். ஈரோட்டு மஞ்சள் விவசாயி மாதிரி. 2010 வாக்கில் மஞ்சள் விலை உச்சத்துக்குப் போனது, அதைப் பார்த்து எல்லாரும் மஞ்சளைப் போட்டார்கள், இரண்டு வருஷத்தில் மார்க்கெட்டில் மூட்டை மலையாகக் குவிந்து விலை படுத்துவிட்டது. மஞ்சளுக்குப் பத்து மாசத்தில் தவறு தெரிந்துவிடும், அடுத்த போகத்தில் கரும்புக்கு மாறலாம். பிள்ளை விஷயத்தில் விலை தெரிய இருபத்தைந்து முப்பது வருஷம் ஆகிறது, அதற்குள் எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்து முடித்துவிடுகிறார்கள்.

இப்போது பேரத்துக்கு வருவோம். பெண் குறைந்ததும் உள்ளூரில் என்ன மாறியது என்பதைப் பெண் பார்க்கப் போகும் வீட்டுக் கூடத்திலேயே பார்க்கலாம். முன்பு மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டுவிட்டு "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பறோம்" என்பார்கள். பெண் வீட்டில் அடுப்பு மாதிரி எரிந்துகொண்டு காத்திருப்பார்கள். இப்போது "சொல்லி அனுப்பறோம்" என்பது பெண் வீட்டார் வாய்க்கு வந்துவிட்டது. எங்கள் அண்ணனுக்குப் போன வருஷம் பார்த்த இடத்தில் அந்தப் பெண் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டு மாடிக்குக் கூட்டிப்போய் நேராகவே கேட்டிருக்கிறாள்: திருச்செங்கோட்டிலோ ஈரோட்டிலோ வீடு எடுப்பீங்களா, நான் வேலைக்குப் போவேன், சம்பளம் என் கணக்கில்தான் இருக்கும், வருஷத்துக்கு எத்தனை நாள் லாரியில் இருப்பீங்க? அண்ணன் உண்மையைச் சொன்னான், இருபது நாள் ஓட்டம், பத்து நாள் வீடு, மாசா மாசம். அவள் நன்றி சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிட்டாள். பெரியம்மாவுக்கு அன்றைக்கு ஆத்திரம். எனக்கு அந்தப் பெண் மேல் மரியாதைதான் வந்தது, கல்யாணத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் அவை, என் அம்மாவுக்குக் கேட்க வாய்ப்பே கிடைக்காத கேள்விகள்.

வரதட்சணை என்ற வார்த்தையே தோட்டத்து மாப்பிள்ளைகள் பக்கம் மறைந்துவிட்டது. கல்யாணச் செலவு எங்களுடையது, மண்டபம் எங்களுடையது, பெண்ணுக்குப் போடும் நகையிலும் பாதி எங்களுடையது என்று மாப்பிள்ளை வீட்டாரே முன்வந்து சொல்கிறார்கள். பரிசம் என்று பெயர் சொல்லாமல் பரிசம் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகும் மாற்றம் உண்டு. பேரத்தில் ஒருவருக்கு எவ்வளவு பலம் என்பது, இந்த ஏற்பாடு முறிந்தால் அவருக்கு வேறு என்ன வழி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. விவாகரத்தான பெண்ணுக்கு மறுமணம் கிடையாது என்றிருந்த காலத்தில் மாமியார் என்ன செய்தாலும் அவள் இருந்தாக வேண்டும். இப்போது மையத்தில் முதல் கல்யாணத்துக்குக் காத்திருக்கும் ஆண்களின் படிவத்தில் 'மறுமணம் சம்மதம்' என்று எழுதித் தருகிறார்கள், சிலர் 'குழந்தை இருந்தாலும் பரவாயில்லை' என்றுகூட. இது மருமகளுக்குத் தெரியும், மாமியாருக்கும் தெரியும். வீட்டுக்குள் குரல் தணிவதற்கு இது போதும்.

இங்கே நிறுத்தினால் கதை நன்றாக இருக்கும், பெண்கள் குறைந்தார்கள், பெண்களுக்கு மதிப்புக் கூடியது என்று. ஆனால் பெண் தட்டுப்பாடு இன்னொரு வேலையும் செய்கிறது.

உள்ளூரில் கிடைக்காதவன் வெளியூரில் தேடுகிறான். கொங்குப் பக்கத்து மாப்பிள்ளைகள் பாலக்காட்டுப் பக்கம் போய்ப் பெண் எடுப்பது பத்துப் பதினைந்து வருஷமாகவே நடக்கிறது, செய்திகளிலும் வந்திருக்கிறது. அந்தப் பக்கம் நகை போட்டுக் கட்டிக்கொடுக்க வசதியில்லாத வீடுகள், இந்தப் பக்கம் நகை தானே போட்டுக்கொள்ளத் தயாரான மாப்பிள்ளை, நடுவில் இரண்டு பாஷையும் தெரிந்த தரகர். இதில் வேடிக்கை, இங்கே உட்சாதி, கூட்டம், ரஜ்ஜு என்று எட்டுச் சல்லடை வைத்துச் சலித்தவர்கள் அங்கே போனதும் எல்லாச் சல்லடையையும் கீழே வைத்துவிடுகிறார்கள். ஈழவர் என்றாலும் சரி, நாயர் என்றாலும் சரி, "நம்மளாட்டம் சனம்தான்" என்று ஒரு வாக்கியத்தில் முடிந்தது. அதே ஊர்க் காலனியில் இருக்கும் படித்த பெண்ணைப் பற்றி மட்டும் பேச்சே எடுக்கக் கூடாது. சாதி வளைந்து கொடுக்கும் என்பது இதிலிருந்து தெரிகிறது, எந்தப் பக்கம் வளையும், எந்தப் பக்கம் வளையாது என்பதும் சேர்த்தே.

இப்படி வந்த பெண்ணின் பேர பலம் என்ன? மேலே மாடியில் நின்று கேள்வி கேட்ட பெண்ணுக்குப் பின்னால் அப்பா, அண்ணன், மாமன், பக்கத்து ஊர்ச் சொந்தம், இன்னும் நாலு ஜாதகம் என்று ஒரு படையே இருந்தது. வெளியூரிலிருந்து வந்தவளுக்கு முதல் வருஷம் கடைக்காரரிடம் பேசக்கூடப் பாஷை பிடிபடாது. அவளுக்காகச் செலவு செய்தது மாப்பிள்ளை வீடு, அதைச் சமயம் வரும்போது சொல்லிக்காட்டவும் செய்வார்கள். ஆனாலும் ஈரோட்டிலிருந்து பாலக்காடு ரயிலில் ஒரு பொழுதுக்குள் போய்விடலாம், அங்கே தமிழ் புரியும், அம்மா வீட்டுக்கு ஓணத்துக்குப் போய் வரலாம், அடி விழுந்தால் அண்ணன் வந்து நிற்பான். இந்தத் தூரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று எனக்குத் தோன்றக் காரணம் ஹரியானா.

ஹரியானாவில் 2001-ல் 1,000 ஆண் குழந்தைகளுக்கு 819 பெண் குழந்தைகள், நம் சேலத்தைவிட மோசம், அதுவும் ஒரு மாநிலம் முழுக்க. அங்கே மணப்பெண்கள் அசாம், மேற்கு வங்கம், பிகார், ஒடிசாவிலிருந்து கொண்டுவரப்படுகிறார்கள். அவர்களுக்கு ஊரில் வைத்திருக்கும் பெயர் பாரோ, அல்லது மோல்கி. மோல்கி என்றால் விலை கொடுத்து வாங்கப்பட்டவள். பிறந்த வீடு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பாஷை வேறு, சாப்பாடு வேறு, சொந்தம் என்று ஒருவரும் இல்லை. அவளுக்காகக் கொடுத்த பணம் தரகரிடமும் வழியில் இருந்தவர்களிடமும் போய்விட்டது, அவள் கைக்கு வந்தது அந்தப் பெயர் மட்டும். பெண் தட்டுப்பாடு மிக அதிகமாக இருக்கும் இடத்தில், தட்டுப்பாட்டை ஈடுகட்ட வந்த பெண்ணுக்குத்தான் மிகக் குறைந்த மரியாதை. பெண் பஞ்சம் அங்கே உள்ளூர் ஆண்களையும் ஒரு ஓட்டு வங்கியாக மாற்றிவிட்டது. 2023-ல் ஹரியானா அரசு 45-லிருந்து 60 வயதுக்குள் இருக்கும், வருமானம் குறைந்த, கல்யாணமாகாதவர்களுக்கு மாசம் 2,750 ரூபாய் ஓய்வூதியம் என்று அறிவித்தது.

வெளியூர்ப் பெண் ஏற்பாட்டில் மாப்பிள்ளை ஏமாறுவதும் உண்டு. எங்கள் பக்கத்து ஊரில் ஒருவருக்கு நடந்தது, கல்யாணமான ஒன்பதாம் நாள் பெண் நகையோடு போய்விட்டாள், தரகர் போன் சுவிட்ச் ஆஃப். அவர் பின்னால் யோசித்துச் சொன்ன அடையாளங்கள் எல்லாமே முன்கூட்டித் தெரியக்கூடியவை. பெண்ணின் வீட்டுக்கு ஒருமுறைகூடக் கூட்டிப்போகவில்லை, கோயில் ஒன்றில்தான் காட்டினார்கள். அம்மா அப்பா என்று வந்தவர்கள் பெண்ணைக் கூப்பிடும்போது பெயரில் தடுமாறினார்கள். பார்த்த அன்றைக்கே நாள் குறிக்கச் சொன்னார்கள், பணத்தைக் கையில்தான் கேட்டார்கள், கல்யாணத்தைப் பதிவு செய்யலாம் என்றதும் ஆதார் அட்டை ஊரில் இருக்கிறது என்றார்கள். போலீசில் புகார் கொடுத்தீர்களா என்று கேட்டேன். ஊருக்குத் தெரிந்தால் அடுத்த பெண்ணும் கிடைக்காது என்றார். தட்டுப்பாட்டில் இருப்பவன் கேள்வி கேட்கத் தயங்குவான் என்பது தரகருக்கு நன்றாகத் தெரியும்.

உள்ளூர்ப் பெண்ணின் கதையிலும் இன்னொரு பக்கம் இருக்கிறது. எது குறைகிறதோ அதற்குக் காவல் கூடும். சாதிக்குள் பெண் குறைந்துவிட்ட பிறகு, அந்தப் பெண்களில் ஒருத்தி வெளியே ஒருவனை விரும்பிப் போனால் அது ஒரு குடும்பத்தின் விவகாரமாக நிற்பதில்லை, 'நம்ம பொண்ணு போயிருச்சு' என்று சாதியின் கணக்கில் எழுதப்படுகிறது. காதல் கல்யாணத்துக்கு எதிராக மேடை போட்டுப் பேசும் சாதி அமைப்புகள் மேற்கு மாவட்டங்களில் இந்தப் பயத்தைத் தீனியாக வைத்தே வளர்ந்தன. 2015-ல் திருச்செங்கோட்டில், வேறு சாதிப் பெண்ணோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்த தலித் இளைஞர் கோகுல்ராஜ் கடத்திக் கொல்லப்பட்டார். 2022-ல் ஒரு சாதி அமைப்பின் தலைவர் உள்பட பத்துப் பேருக்கு மதுரை நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. பெண் தட்டுப்பாட்டால்தான் அந்தக் கொலை நடந்தது என்று நான் சொல்லவில்லை, சாதி வெறிக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஆனால் பெண்ணுக்கு மாடியில் நின்று மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லும் உரிமை கூடியதும், கோயிலில் நின்று ஒருவனோடு பேசும் உரிமை குறைந்ததும் ஒரே வட்டாரத்தில், ஒரே காலத்தில் நடந்தன. அவளுக்குக் கூடியது, கொடுத்த பட்டியலுக்குள் தேர்ந்தெடுக்கும் பலம். பட்டியலை எழுதுபவர்களின் பிடியும் கூடவே இறுகியது.

அதனால்தான் அந்த 'பெண் பதிவு இலவசம்' அட்டையைப் பார்த்து எனக்குச் சந்தோஷப்படவும் முடியவில்லை. அங்கே பதிவு செய்ய வருவது பெரும்பாலும் அப்பாக்கள்.

2011-ல் சேலத்துக் குழந்தைப் பாலின விகிதம் 916-க்கு ஏறியது. அந்தப் பெண்கள் கல்யாண வயசுக்கு வருவது 2030-ஐ ஒட்டித்தான், அதுவரைக்கும் இப்போதிருக்கும் வரிசை நீளும். அதற்கு அப்புறமும் பிறப்பு குறைந்துகொண்டே இருக்கும் வரை, வயசு இடைவெளியை விடாத வரை, விகிதம் 950-ஐத் தொட்டாலும் குறைச்சல் முழுசாகத் தீராது என்பது மேலே போட்ட கணக்கிலேயே இருக்கிறது.

அண்ணனுக்கு ஆவணியில் கல்யாணம் முடிந்தது. பெண் கரூர்ப் பக்கம், ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆகி விலகியவள், அண்ணனுக்கு ஒரு வயசு மூத்தவள்கூட. பெரியம்மா நிச்சயத்துக்கு உப்புச் சர்க்கரை மாற்றும்போதே ஜாதகத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டார். கரூரில் வீடு, அவள் வேலைக்குப் போகிறாள், லாரிக்கு டிரைவர் போட்டாயிற்று. கல்யாணத்தன்று ஒரு சிக்கல் வந்தது. இணைச்சீருக்கு மாப்பிள்ளையின் அக்கா தங்கை மணையில் உட்கார வேண்டும், அண்ணன் ஒரே பிள்ளை. பெரியப்பா வழியில் தேடினோம், எல்லாம் பையன்கள். சித்தப்பா வழியிலும் பையன். சடங்கு நடத்தும் அருமைக்காரர் சீர்த் தட்டோடு நின்றுகொண்டு, "ஏனுங்க, தங்கச்சி முறைக்கு ஒரு புள்ளகூடவா இல்லை உங்க பக்கம்?" என்று கேட்டார். கடைசியில் இரண்டு தலைமுறை தள்ளிய பங்காளி வீட்டிலிருந்து பத்தாவது படிக்கும் ஒரு பெண்ணைப் பைக்கில் போய்க் கூட்டி வந்தார்கள், யூனிஃபார்மோடு வந்தவளுக்கு மண்டபத்தில் வைத்துச் சேலை கட்டிவிட்டார்கள்.